'கவுன்ட் நார்மல்'னு சொல்லி அனுப்பி வைக்காதீங்க

"பிளேட்லெட் கவுன்ட் நார்மலா இருக்கு, ரத்தத்துல ஒண்ணும் பிரச்சினை இல்ல." இந்த ஒரு வாக்கியத்து மேல எனக்கு இருக்கிற கோபத்தைத்தான் இந்த த்ரெட்ல கொட்டப்போறேன்.

14 வயசுப் பொண்ணு. பெரியவளானதுல இருந்து ஒவ்வொரு மாசமும் 10, 12 நாள் ரத்தப்போக்கு. எங்ககிட்ட வரும்போது ஹீமோகுளோபின் 5.2. அதுக்கு முன்னாடியே வேற இடங்கள்ல மூணு தடவை ரத்தம் ஏத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. ஸ்கேன்ல கர்ப்பப்பை சரியா இருக்கு. பிளேட்லெட் 2,60,000. ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற பிடி, ஏபிடிடி ரெண்டும் நார்மல். சீட்டுல எழுதியிருந்தது: "வயசுக் கோளாறு, போகப்போக சரியாகும்."

கவுன்ட் மெஷின் என்ன பண்ணுதுன்னு யோசிங்க. தலையை எண்ணுது, அவ்வளவுதான். வேலை செய்யுதான்னு பார்க்காது. பிடி, ஏபிடிடி? அந்த டெஸ்டுக்கு ரத்தத்தைச் சுழற்றி, பிளேட்லெட்டைப் பிரிச்சு ஒதுக்கிட்டு, மேல நிக்கிற பிளாஸ்மாவில்தான் பார்ப்பாங்க. ஆக, பிளேட்லெட் ஒழுங்கா வேலை செய்யுதாங்கிற கேள்வியை அந்த மூணு ரிப்போர்ட்டுமே கேட்கவே இல்ல.

ரத்தக்குழாய் கிழிஞ்சா பிளேட்லெட் முதல்ல அந்தச் சுவர்ல ஒட்டணும். அப்புறம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து அடைப்பு போடணும். அந்தக் கை ஒரு புரதம். பிறவியிலேயே அது இல்லாம, அல்லது வேலை செய்யாம போனா, அதுதான் கிளான்ஸ்மன் நோய். 1918லேயே எட்வார்ட் கிளான்ஸ்மன்ங்கிற சுவிஸ் குழந்தை மருத்துவர் எழுதி வச்சது. செங்கல் ரெண்டரை லட்சம் கிடக்கு, சிமெண்ட் இல்ல. சுவர் எப்படி நிக்கும்?

அந்த அம்மாகிட்ட உட்கார்ந்து கேட்டேன். "பால் பல் விழுந்தப்போ ரெண்டு நாள் ரத்தம் நிக்கல டாக்டர். மூக்குல அடிக்கடி வரும், சூடுன்னு விட்டுட்டோம்." தொட்டா நீலம் பூக்கும். "சொந்தத்துல கல்யாணமா?"ன்னு கேட்டதுக்கு, "எங்கம்மாவோட தம்பிதாங்க இவ அப்பா." இந்த நோய் வர அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான ஜீன் வரணும். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருப்பாங்க. தாய்மாமன் கல்யாணத்துல அந்த வாய்ப்பு கூடும்.

அடுத்து செஞ்சது, செலவே இல்லாத ஒரு டெஸ்ட். விரல் நுனியில குத்தி, வந்த சொட்டை நேரா கண்ணாடித் தகட்டுல இழுத்தோம். நல்ல ரத்தத்துல பிளேட்லெட் கொத்துக்கொத்தா சேர்ந்திருக்கும். இவளுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா நின்னுச்சு. கவனிங்க, ஊதா மூடி டியூப்ல எடுத்த ரத்தத்துல இது தெரியாது. அதுல இருக்கிற மருந்தே எல்லாரோட பிளேட்லெட்டையும் பிரிச்சுத்தான் வைக்கும். இதுக்கு எம்டி படிச்சிருக்கணும்னு இல்ல. நான் வெறும் எம்பிபிஎஸ்தான். பெரிய சென்டருக்கு அனுப்பி, பிளேட்லெட் சேர்க்கை டெஸ்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் பண்ணி உறுதியாச்சு.

இப்போ வயித்தெரிச்சலான விஷயம். மாசாமாசம் வயித்து வலிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு மெஃபனமிக், டைக்ளோஃபெனாக்னு போட்டிருக்கா. ஏற்கனவே கை இல்லாத பிளேட்லெட்டோட வாயையும் கட்டின மாதிரி. முதல்ல ஒட்டின பிளேட்லெட் மத்ததைக் கூப்பிட திராம்பாக்சேன்னு ஒண்ணை விடும். இந்த மாத்திரைகள் அதைத் தடுக்கும். மருந்து உடம்பை விட்டுப் போனதும் இந்தத் தடை விலகிடும்.

ஆஸ்பிரின் அப்படி இல்ல. அது தொட்ட பிளேட்லெட்ல அந்த என்சைம் நிரந்தரமா செத்துடும். பிளேட்லெட்டுக்கு நியூக்ளியஸ் கிடையாது, புதுசா செஞ்சுக்க முடியாது. அது வாழுற 7 முதல் 10 நாளும் அப்படியேதான். தினம் பத்துல ஒரு பங்கு புதுசா வந்து கொஞ்சம் கொஞ்சமா சரியாகும். மருந்து ரத்தத்துல இருந்து சில மணி நேரத்துல மறைஞ்சாலும், "நாலு நாள் முன்னாடி தலைவலிக்கு ஒண்ணு போட்டேன்"ங்கிறது முக்கியமாகிறது இதனாலதான். இப்பவும் கவுன்ட் நார்மலாத்தான் காட்டும்!

(உடனே ஹார்ட் பேஷண்ட் யாரும் ஆஸ்பிரினை நிறுத்திடாதீங்க. உங்களுக்கு அந்த விளைவுதான் மருந்தே. பல் பிடுங்கக்கூட பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்ல. உங்க டாக்டரைக் கேட்காம கை வைக்காதீங்க.)

கவுன்ட் நார்மல்னு எழுதி அனுப்பின கூட்டத்துல நானும் இருந்திருக்கேன். ஓபில ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான், ஒத்துக்கிறேன். ஆனா "பல் விழுந்தப்போ எவ்வளவு நேரம் ரத்தம் வந்துச்சு?"ன்னு கேட்க அரை நிமிஷம் ஆகாது.

அந்தப் பொண்ணு இப்போ பீரியட்ஸ் நாள்ல டிரானெக்சாமிக் ஆசிட், கூட ஹார்மோன் மாத்திரை, இரும்புச்சத்து எடுத்துக்கிறா. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். பிளேட்லெட் ஏத்துறதை உயிர் போற நேரத்துக்குன்னு வச்சிருக்கோம், அடிக்கடி ஏத்தினா உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்கிடும். நோயோட பேரை எழுதின அட்டை ஸ்கூல் பையில இருக்கு. அவ தம்பிக்கு 9 வயசு, அவனுக்கும் மூக்குல ரத்தம் வருமாம். அடுத்த வாரம் அவனோட விரல்ல குத்திப் பார்க்கணும்.