சீன எழுத்தைப் படம் என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் பழைய சாமான் கடையிலிருந்து 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்றை வாங்கி வந்தார். நீலப் பெயிண்ட் அடித்தது. சித்தாள்கள் கைகால் கழுவவும், வீட்டில் இருப்பவர்கள் குளிக்கவும் அதில் தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று யோசனை. மாத்தூரில் இது புதிதல்ல. மணலிப் பக்கம் கம்பெனிகள் காலி செய்த டிரம்தான் நம் ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி.

டிரம்மின் மேல் கிழிந்த லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. மண்டையோட்டுப் படமோ ஆங்கில எழுத்தோ எதுவும் மிஞ்சவில்லை. சீன எழுத்து இரண்டு மட்டும் இருந்தது, அதிலும் முதல் எழுத்தின் தலை கிழிந்துபோயிருந்தது. "டீச்சர்மா, நீங்க சிங்கப்பூர்ல சைனீஸ் கத்துக்கிட்டீங்களாமே, இது என்னன்னு பாருங்க" என்று கூப்பிட்டார்.

நான் கற்றது ரொம்பக் கொஞ்சம். மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் (அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான்) மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். பிராஸ் பசா புத்தகக் கடையில் சின்ன சீன–ஆங்கில அகராதி ஒன்றையும் வாங்கிவந்தேன். பேசச் சொன்னால் எனக்கு வராது. ஆனால் அகராதியில் ஒரு எழுத்தைத் தேடிப் பிடிக்கத் தெரியும்.

அதற்குள் என் பழைய மாணவன் ஒருவன் வந்துவிட்டான். சீனப் பொருட்கள் இறக்குமதி செய்யும் இடத்தில் வேலை. ஆறு மாதம் பணம் கட்டி ஆன்லைனில் சீனம் படித்தவன். முந்நூறு சொல் தெரியும், ஆனால் எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தது. "எழுத்தெல்லாம் படம் மிஸ், அது நமக்கு வராது, போன் பாத்துக்கும்" என்றான். போனைக் காட்டினான். ஒரு தடவை ஒன்றுமே வரவில்லை. அடுத்த தடவை முதல் எழுத்துக்கு 'முட்டாள்' என்று பொருள் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 'முட்டாள்' எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

முதலில் முழுசாக இருந்த இரண்டாவது எழுத்தைப் பார்ப்போம்: 胺

இதைப் படமாகப் பார்த்தால் குச்சிக் குவியல்தான். பிரித்துப் பாருங்கள். இடப்பக்கம் 月, வலப்பக்கம் 安. நாம் ஒன்றாம் வகுப்பில் 'கொ' என்ற எழுத்தைப் படமாகவா சொல்லிக்கொடுக்கிறோம்? கொம்பு, க, கால் என்று பிரித்துத்தானே சொல்கிறோம்? அதேதான் இங்கேயும். சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படி இரண்டு பங்காக அமைந்தவை. ஒரு பங்கு 'எந்த வகைச் சங்கதி' என்று சொல்லும், மற்றது 'ஏறக்குறைய எப்படி உச்சரிக்க வேண்டும்' என்று சொல்லும். அகராதியில் எழுத்துகளை வரிசைப்படுத்த உதவும் பங்குக்குத் தலையுறுப்பு என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வகை சொல்லும் பங்கே தலையுறுப்பாக இருக்கும். 1716இல் வந்த காங்சி அகராதி 47,000 எழுத்துகளை 214 தலையுறுப்புகளின் கீழ் அடுக்கியது. இன்றைய சீனாவின் 2009ஆம் ஆண்டுப் பட்டியலில் 201.

தேடும் முறை மூன்றே படி. முதலில் தலையுறுப்பை எத்தனை இழுப்பில் எழுதுகிறோம் என்று எண்ண வேண்டும். 月 நான்கு இழுப்பு. அகராதியின் முன்பக்கம் நான்கு இழுப்புத் தலையுறுப்புகளின் வரிசையில் அது இருக்கும், பக்கத்தில் ஓர் எண் இருக்கும். இரண்டாவது, அந்த எண்ணுள்ள பட்டியலுக்குப் போய், மீதிப் பங்குக்கு எத்தனை இழுப்பு என்று பார்க்க வேண்டும். 安 ஆறு இழுப்பு. 'ஆறு' என்ற தலைப்பின் கீழ் கண்ணை ஓட்டினால் எழுத்து கிடைக்கும், அதன் பக்க எண்ணும் கிடைக்கும். மூன்றாவது, அந்தப் பக்கத்தைத் திறந்து பொருளைப் படிக்க வேண்டியதுதான்.

இங்கேதான் இழுப்பு வரிசை வருகிறது. நம் பிள்ளைகள் 'அதை எதுக்கு மிஸ் படிக்கணும், எப்படி எழுதினா என்ன' என்று கேட்கும் விஷயம். நானே அன்றைக்கு முதலில் தப்பு செய்தேன். 安 என்பதில் மேலே கூரை, கீழே பெண். (வீட்டுக்குள் பெண் இருந்தால் அமைதி என்று விளக்கம் சொல்வார்கள். எழுதியவர்கள் ஆண்கள் போலிருக்கிறது.) கூரைக்கு ஒரு புள்ளி, இடப்பக்கம் ஒரு சிறு புள்ளி, பிறகு வலப்பக்கம் போய்க் கொக்கியாக மடங்கும் ஒரு கோடு, ஆக மூன்று. பெண்ணுக்கும் மூன்று. முதல் இழுப்பு இடப்பக்கம் சாய்ந்து இறங்கி, பேனாவை எடுக்காமலே வலப்பக்கம் மடங்கும். அவசரத்தில் அந்த மடங்கலை இரண்டாக எண்ணிவிட்டேன். ஏழாம் தலைப்பில் தேடினேன், இல்லை. எண்ணிக்கை தப்பினால் இப்படித்தான் தெரியும்: பட்டியலில் எழுத்தே இருக்காது. அப்போது மடங்கும் கோடுகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேனா எழும்பாத வரைக்கும் எத்தனை மடங்கினாலும் ஒன்றுதான். கையால் வரிசைப்படி எழுதிப் பழகியவருக்கு இது கையிலேயே இருக்கும். பார்த்து மட்டும் படித்தவர் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுவார்.

ஆறாம் தலைப்பில் மார்பு, மூளை, பசை எல்லாவற்றோடும் நம் எழுத்தும் இருந்தது. உச்சரிப்பு 'ஆன்', பொருள் அமீன். வேதியியல் சேர்மங்களில் ஒரு குடும்பம்.

இந்த 安 பங்கை நான் ஏற்கெனவே வேறு இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். 氨 என்றால் அம்மோனியா. மேலே மூடியிருக்கும் 气 காற்று, அதாவது வாயு. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது இந்த வாயு கசிந்துதான். 铵 என்றால் அம்மோனியம். இடப்பக்கம் உலோகத் தலையுறுப்பு, ஏனென்றால் உப்புகளில் அது உலோகத்தின் இடத்தில் நிற்கிறது. மூன்றுமே 'ஆன்' என்ற ஒலிதான், தொனி மட்டும் வேறு. ஒரு பங்கு தெரிந்தால் மூன்று எழுத்து கைக்கு வந்துவிடுகிறது. இது தானாக அமைந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷாங்காயில் சூ ஷோ என்பவர் ஜான் ஃபிரையர் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து வேதியியல் நூல்களை மொழிபெயர்த்தார். தனிமங்களுக்கு எழுத்து அமைக்க, வகை ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கம் என்று அவர் கையாண்ட முறைதான் இன்றுவரை நடப்பில் இருக்கிறது.

இனி தலை கிழிந்த முதல் எழுத்து. கீழே 本 மட்டும் தெளிவாக இருந்தது. ஒலி 'பென்'. இதைக் கீழ்ப்பங்காகக் கொண்ட எழுத்துகளில் எனக்குத் தெரிந்தவை இரண்டு. தலையில் மூங்கில் இருந்தால் 笨, முட்டாள். போன் அதைத்தான் ஊகித்திருக்கிறது. தலையில் புல் இருந்தால் 苯, பென்சீன். மணமுள்ள வளையச் சேர்மங்களுக்குச் சீனத்தில் புல் தலைப்புத்தான். கிழிந்த விளிம்பில் எஞ்சிய துணுக்கை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அடுத்த எழுத்து அமீன். 'முட்டாள் அமீன்' என்று ஒரு சரக்கு இருக்க முடியுமா? அகராதியில் 苯 பக்கத்தைத் திறந்தேன். அதன் கீழேயே 苯胺 இருந்தது: அனிலின்.

சாயத்துக்கும் ரப்பர் ரசாயனங்களுக்கும் பயன்படும் சரக்கு. விஷம். குடிக்கக்கூட வேண்டாம், தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும், இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். அதில் குளிக்கத் தண்ணீர் பிடிக்க இருந்தார்கள்.

நான் கண்டுபிடித்ததை அப்படியே நம்பிவிடவில்லை. ரசாயன ஆலையில் வேலை பார்க்கும் இன்னொரு மாணவனுக்குப் போன் போட்டேன். அனிலினுக்குரிய சர்வதேச எண் UN 1547 என்றான். டிரம்மைப் புரட்டி அழுக்கைத் துடைத்துப் பார்த்தால், அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் முன்பாதி அழிந்து 47 மட்டும் தெரிந்தது. போதும் என்று அந்தத் தம்பி டிரம்மைக் கடைக்கே திருப்பிவிட்டார். வேறு எந்த வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டியாக விற்க வேண்டாம் என்று நானும் கூடப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. தலையுறுப்பு குடும்பத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. 'அமீன்' என்று மட்டும் தெரிந்திருந்தால் அது எந்த அமீன் என்று சொல்லியிருக்க முடியாது. விஷமா இல்லையா என்பதும் எழுத்தில் இல்லை. தலையுறுப்பு இடத்துக்கு இடம் உருமாறும்: 水 என்ற தண்ணீர், எழுத்தின் இடப்பக்கம் வந்தால் 氵 என்று மூன்று துளியாகிவிடும். 月 தனியாக நின்றால் நிலா, உடம்பு சம்பந்தமான எழுத்துகளில் சதை. பழைய அகராதிகளில் இந்தச் சதை எழுத்துகளை 肉 என்ற ஆறு இழுப்புத் தலையுறுப்பின் கீழ்தான் தேட வேண்டும். ஒலிப் பங்கும் பல எழுத்துகளில் காலப்போக்கில் விலகிப்போயிருக்கிறது. அதனால் அது துப்புதான், தீர்ப்பு அல்ல. அகராதியைத் திறக்காமல் முடிவு சொல்லக் கூடாது.

என் வாதம் இவ்வளவுதான். துறைமுக வேலைக்காக, இறக்குமதி வேலைக்காக நம் பிள்ளைகள் பணம் கட்டிச் சீனம் படிக்கிறார்கள். அவர்களுக்கு 'எழுத்து கஷ்டம், விட்டுவிடலாம்' என்று சொல்லி வெறும் பேச்சு வாக்கியங்களைக் கொடுப்பது அரைகுறைப் பாடம். பேசுவதற்கு எதிரில் ஆள் வேண்டும். டிரம்மும் பெட்டியும் பேசாது. முதல் மாதம் ஒரு முப்பது தலையுறுப்பு போதும்: தண்ணீர், தீ, உலோகம், கல், வாயு, புல், சதை என்று. ஒவ்வொன்றையும் வரிசைப்படி நோட்டில் எழுத வையுங்கள். கூடவே அகராதியில் தேட வையுங்கள். முந்நூறு சொல்லை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

அன்றைக்குச் சிரித்த மாணவன் மறுவாரம் ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்து நின்றான். முதல் பக்கத்தில் 安 எழுதியிருந்தான். பெண்ணை நான்கு இழுப்பில் எழுதியிருந்தான். அழித்துவிட்டு மூன்றில் எழுதச் சொன்னேன்.