பூம்பாவைக்கு விடுத்த அழைப்பு

தரமணியில் தீபாவளி நெருங்குவதைப் பெட்டிகள் உருளும் ஓசையால் அறியலாம். கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் அறைகளைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டுவிடுவர். அவர்களை நம்பி நடக்கும் சிற்றுண்டிக் கடைகள் இரண்டு மூன்று நாட்களுக்கு மூடிக்கிடக்கும். நாள் முழுதும் ஆரவாரமாயிருந்த தெரு திடீரென்று அமைதியாகிவிடும்.

அந்தத் தெருவொன்றில் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஓர் அம்மையார் வசிக்கிறார். அரசு அலுவலகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். மணம் செய்துகொள்ளவில்லை. தாயாரைக் கடைசிவரை உடனிருந்து காத்தவர். தாயார் மறைந்தபின் தனியே இருக்கிறார். ஆண்டின் பெரும்பகுதி அவருக்கு இத்தனிமை ஒரு சுமையே அன்று. நூலகம் செல்கிறார், திருவான்மியூர் மருந்தீசரை வழிபடுகிறார், பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும் மனத்தில் ஓர் அச்சம் வந்து அமர்ந்துவிடும். "தீபாவளிக்கு எங்கே போகிறீர்கள்?" என்று மின்தூக்கியில் ஒருவர் கேட்பார். "யார் வருகிறார்கள்?" என்று பால்காரர் கேட்பார். கேட்பவர்களிடம் குற்றமில்லை. ஆயினும் நாள்தோறும் அதற்கு விடை சொல்லவேண்டியிருக்கிறதே!

சென்ற ஆண்டு அவர் ஒரு பொய் சொன்னார். ஊருக்குச் செல்வதாக அனைவரிடமும் கூறிவிட்டு, தீபாவளிக்கு முந்தைய இரவு முதல் வீட்டிற்குள்ளேயே இருந்துவிட்டார். உள்ளே ஆள் இருப்பது தெரியாதிருக்க விளக்கையும் ஏற்றவில்லை. சுவாமி அறையில் ஓர் அகல் மட்டும் எரிந்தது.

இச்செய்தி மயிலாப்பூரில் வசிக்கும் அவருடைய பள்ளித் தோழிக்குச் சில மாதங்கள் கழித்தே தெரிந்தது. தெரிந்ததும் அந்தத் தோழி முதலில் நாணியது தம்மை எண்ணித்தான். ஏனெனில் ஆண்டுதோறும் அவர் அனுப்பிவந்த வாழ்த்து அட்டையில், "குடும்பத்தார் அனைவருடனும் மகிழ்ந்து கொண்டாடுக" என்று அச்சிட்டிருக்கும். ஒரு முறை நேரிலும் அழைத்திருக்கிறார்: "தனியாக அங்கே என்ன செய்யப் போகிறாய்? எங்கள் வீட்டிற்கு வந்துவிடேன்." அன்போடு சொன்ன சொற்கள்தாம். ஆனால் தரமணி அம்மையார் முழங்கால் வலி என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார். மகன், மருமகள், பேரக்குழந்தைகள், சம்பந்தி வீட்டார் கூடிய கூடத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, பரிவோடு நீட்டப்படும் பட்சணத்தை வாங்கிக்கொள்வது எத்தகைய அனுபவம் என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார்.

வேறு எப்படித்தான் அழைப்பது? அத்தோழிக்கு விடை கிடைத்த இடம் கபாலீசுவரர் கோயில். மாதந்தோறும் அங்கே கூடித் திருமுறை ஓதும் குழுவில் அவரும் ஒருவர். அம்முறை ஓதியது திருஞானசம்பந்தரின் பூம்பாவைத் திருப்பதிகம். இரண்டாம் திருமுறையில் 47ஆவது பதிகம்.

கதை மயிலையில் எல்லோரும் அறிந்ததே. சிவநேசர் என்னும் வணிகர் தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கு மணம் செய்விக்க எண்ணியிருந்தார். சிறுமி நந்தவனத்தில் மலர் கொய்யும்போது பாம்பு தீண்டி இறந்தாள். தந்தை அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் காத்துவந்தார். திருவொற்றியூரிலிருந்து சம்பந்தர் மயிலைக்கு எழுந்தருளியபோது அக்குடத்தைக் கோயிலின் முன் கொணர்ந்து வைத்தனர். பதிகம் பாடி முடியும்போது அவள் எழுந்து வந்தாள் என்று பெரியபுராணம் கூறுகிறது.

பலமுறை ஓதிய பதிகந்தான். அன்று அத்தோழியின் கண்ணில் பட்டது, சம்பந்தர் எதைச் சொல்லவில்லை என்பது. பாம்பைப் பற்றி அதில் பேச்சில்லை. தந்தையின் துயரத்தைச் சொல்லி அவளை உருக்கவும் இல்லை. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தொடாமல், ஊரில் என்ன நடக்கவிருக்கிறது என்பதையே பாட்டுக்குப் பாட்டு சொல்லிக்கொண்டு போகிறார். அடியார்களுக்கு அமுது படைப்பது முதலில் வருகிறது. பின்னர் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆண்டின் வரிசையிலேயே விழாக்கள் வருகின்றன. இவற்றையெல்லாம் காணாமலா போகிறாய் என்பதே ஒவ்வொரு பாட்டின் கேள்வியும். அக்கேள்வியில் இரக்கத்தின் சாயலே இல்லை. உனக்குரியதை நீ விட்டுவிடுகிறாயே என்ற உரிமைதான் இருக்கிறது.

இன்னொன்றும் அவர் கவனித்தார். அப்பதிகத்தில் வரும் விழாக்கள் கோயிலிலும் வீதியிலும் கடற்கரையிலும் நிகழ்பவை. விளக்கீடு மட்டும் வீட்டு வாசலுக்கு வரும். அதுவும் தெருவுக்கே ஒளி தருவது. யார் வீட்டில் எத்தனை பேர் என்று அங்கே எவரும் எண்ணுவதில்லை. ஐப்பசி என்றதும் இன்று நம் நினைவுக்கு வரும் தீபாவளியோ வீட்டிற்குள் கொண்டாடுவது. விடியலில் தலையில் எண்ணெய் வைக்க ஒருவர் வேண்டும், புத்தாடை எடுத்துத் தர ஒருவர் வேண்டும், உண்ணும்போது எதிரே ஒருவர் வேண்டும். தனித்திருப்போரை அச்சுறுத்துவது பண்டிகைக் காலம் முழுவதும் அன்று. கதவுக்கு உள்ளே நடக்கும் அந்த ஒரு நாள்தான். அந்த நாளுக்கே வாழ்த்தையும் அழைப்பையும் குவித்தது தம் பிழை என்று அத்தோழிக்குத் தோன்றியது.

எழுந்து வந்த பூம்பாவை பிறகு என்ன ஆனாள் என்பதைக் கதை கேட்போர் பலர் மறந்துவிடுகின்றனர். சிவநேசர் அவளை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். தாம் மீண்டும் தோற்றுவித்ததால் அவள் தமக்கு மகள் முறையாகிறாள் என்று சம்பந்தர் மறுத்துவிட்டார். வேறெவருக்கும் அவளைத் தர மனமின்றித் தந்தை அவளைக் கன்னிமாடத்தில் இருத்தினார். அவள் மணமின்றியே வாழ்ந்து சிவனடி சேர்ந்தாள். ஆகவே அத்தனை விழாக்களுக்கும் அழைக்கப்பட்டவள், பின்னர் தனியே நின்று அவற்றைக் கண்டவள். கோயிலின் வெளிப்பிராகாரத்தில் இன்றும் அவளுக்குச் சந்நிதி இருக்கிறது. அவ்வழியே எத்தனையோ முறை வலம் வந்திருந்தும், மணமாகாத தம் தோழியை அங்கே நினைத்ததில்லையே என்று அத்தோழி எண்ணினார்.

இவ்வாண்டு ஐப்பசியில் அச்சடித்த அட்டைக்குப் பதில், கையால் எழுதிய கடிதம் ஒன்று தரமணிக்குச் சென்றது.

"அன்புள்ள தோழிக்கு,

தீபாவளியன்று நீ என்ன செய்வாய் என்று கேட்கப்போவதில்லை. உன் விருப்பம்போல் இரு. தொலைபேசியும் அன்று மணியடிக்காது. மறுநாள் காலை பத்து மணிக்கு அடிக்கும்.

எனக்கு உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று உண்டு. திருவாதிரைக்கு எங்கள் வீட்டில் களி செய்வது நான். மூன்று ஆண்டுகளாகச் சரியாக வரவில்லை. வெல்லத்தை முதலிலேயே சேர்த்தால் அரிசி வேகாமல் நறுக்கென்று நிற்கிறது. பிறகு சேர்த்தால் இளகிக் கூழாகிறது. மருமகள் வாய் திறந்து சொல்வதில்லை. கிண்ணத்தில் மிச்சம் வைப்பதிலிருந்து எனக்குத் தெரிகிறது. உன் அம்மா செய்த களியைப் பள்ளி நாட்களில் உண்டது இன்றும் நாவில் இருக்கிறது. அந்தக் கைப்பக்குவம் உன்னிடம்தான் இருக்கிறது; அதை எனக்குத் தராமல் வைத்துக்கொண்டிருப்பது நியாயமா?

முந்தைய மாலை வந்துவிடு. தரமணியில் பறக்கும் ரயிலில் ஏறினால் ஏழாவது நிலையம் திருமயிலை. நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். விடியற்காலையில் நடராசர் தரிசனத்துக்கு நாம் இருவர் மட்டும் போவோம். வீட்டில் மற்றவர்கள் எழமாட்டார்கள். அன்று மாலையே நீ திரும்பிவிடலாம். உன் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்ற சாக்கு செல்லாது.

திருவாதிரை நல்வாழ்த்து இப்போதே சொல்லிவைக்கிறேன்."

இதில் "பாவம்" என்ற சொல் இல்லை. "தனியாக" என்ற சொல்லும் இல்லை. வரும் நேரமும் திரும்பும் நேரமும் வழியும் சொல்லப்பட்டிருக்கின்றன. கூட்டத்திற்குள் எப்படி நுழைவது, எப்போது விடைபெறுவது என்று தெரியாத கூச்சம்தான் தனித்திருப்போரைப் பாதி வழியில் திருப்பி அனுப்புகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, அழைத்தவர் ஒரு குறையை வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்டிருக்கிறார். அக்குறை மெய்யானது என்பதும் முக்கியம். உப்புக்குச் சப்பாணியாக ஒரு வேலையை உண்டாக்கிக் கொடுத்தால் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும்.

கடிதத்திற்கு மூன்று நாட்கள் விடை இல்லை. நான்காம் நாள் இரவு தொலைபேசி ஒலித்தது. நலம் விசாரிப்பு எதுவுமின்றி, "உன் வீட்டு உருளி எத்தனை ஆழாக்கு கொள்ளும்?" என்று தரமணிக் குரல் கேட்டது. அளவு தெரிந்தபின் பாடம் தொடங்கியது. அரிசியை எண்ணெயில்லாமல் சிவக்க வறுத்து ரவையாக உடைக்க வேண்டும்; வாசனை வந்ததே போதுமென்று இறக்கிவிடக் கூடாது. ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர். வறுத்த பயத்தம்பருப்பு மலர்ந்தபின் ரவையைத் தூவி வேகவிட வேண்டும். விரலால் நசுக்கிப் பார்த்து நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாவிட்டால்தான் வெல்லம். வெல்லத்தையும் கட்டியாகப் போடாமல், தனியே கரைத்து வடிகட்டிச் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சி ஊற்ற வேண்டும். "இளகுவது வெல்லத்தின் தண்ணீரால்; நீ எல்லாவற்றிலும் அவசரக்காரி," என்று ஒரு கண்டனமும் கிடைத்தது.

தீபாவளியன்று தரமணி வீட்டின் கதவு இவ்வாண்டும் சாத்தியேதான் இருந்தது. ஆனால் ஊருக்குப் போவதாகப் பொய் சொல்லவில்லை, விளக்கு எரிந்தது. மறுநாள் பத்து மணிக்கு மணியடித்தபோது, தோழி முந்தைய நாள் நிகழ்ந்ததையெல்லாம் சுவைபடச் சொன்னார். சொல்லலாமா, மனம் நோகுமோ என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அப்போது பெரியபுராணத்தின் வேறோர் இடம் துணைக்கு வந்தது. திருவாரூரில் ஆதிரைத் திருநாளைக் கண்டுவந்த அப்பரைத் திருப்புகலூரில் சந்தித்தபோது, அவ்விழாவின் பெருமையைச் சொல்லுமாறு சம்பந்தரே கேட்டார். அப்பரும் அதைப் பதிகமாகவே பாடினார். காணாதவரிடம் மறைத்துவைப்பதுதான் அவரை விலக்கிவைப்பது.

திருவாதிரைக்கு முந்தைய மாலை, வறுத்து உடைத்த ரவையை எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டு தரமணி அம்மையார் திருமயிலையில் இறங்கினார். களி நன்றாக வந்தது. ஏழுகறிக் கூட்டில்தான் உப்பு சற்று மிகுந்துவிட்டது. அது மயிலாப்பூர்த் தோழியின் கைவரிசை. மருமகள் கிண்ணத்தில் மிச்சம் வைக்கவில்லை. விடைபெறும்போது அடுத்த சந்திப்பும் முடிவாயிற்று. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், பூம்பாவை எழுந்த நிகழ்ச்சியை மயிலையில் நடத்திக் காட்டுவர். பிற்பகலில் அறுபத்துமூவர் புறப்பாடு. கூட்டம் நெருக்குவதற்குள் வந்துவிடவேண்டும், புன்னை மரத்தடியில் காத்திருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. மோர் கொண்டுவருவது தரமணியின் பொறுப்பு.