மாற்று விகிதத்தில் கரையும் கூலி

அடுத்த மாதம் முதல் பணம் ஒரே ஒரு வாலட் வழியாகத்தான் வரும், ரூபாயாகத்தான் வந்து சேரும், கட்டணம் எதுவானாலும் வேலை செய்தவர் பொறுப்பு, பில் கொடுத்து 60 நாள் கழித்துத்தான் பட்டுவாடா. வெளிநாட்டு ஏஜென்சி ஒன்று இப்படி நான்கு வரியில் முடிவெடுத்துவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பும் மென்பொருள் வேலையும் செய்து பிழைக்கும் நம் இளைஞர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த முடிவை நாம் ஏற்க முடியாது.

நான்கில் மிக மோசமானது எது என்று கேட்டால், ரூபாயாக மாற்றி அனுப்புவதைத்தான் சொல்வோம். கட்டணம் என்பது ரசீதில் தெரிகிறது. பிடிக்காவிட்டால் சண்டை போடலாம். மாற்று விகிதத்துக்குள் எடுக்கப்படும் பணமோ எந்த ரசீதிலும் தனி வரியாக வருவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பில் 1,000 டாலர். சந்தையில் டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாலட் 4.4 சதவீதமும் 30 சென்ட்டும் கமிஷன் எடுத்தால் 44.30 டாலர் போகிறது, மீதி 955.70. சந்தை விலைக்கு இது 81,234 ரூபாய். ஆனால் வாலட் தன் விகிதத்தைச் சந்தையைவிட 4 சதவீதம் தாழ்த்தி 81.60 என்று வைத்தால், கைக்கு வருவது 77,985 ரூபாய். கமிஷனில் போனது 3,765 ரூபாய். விகிதத்தில் போனது 3,249 ரூபாய். கண்ணுக்குத் தெரிந்த இழப்புக்கு ஏறக்குறைய சமமாகத் தெரியாத இழப்பு. 85,000 ரூபாய் வேலைக்கு 7,000 ரூபாய், அதாவது நூற்றுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், வழியிலேயே தொலைகிறது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வங்கியில் வரவான ரூபாயை, கமிஷன் கழித்த டாலரால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை அன்றைய குறிப்பு விகிதத்தோடு ஒப்பிட்டால் போதும். அந்த விகிதம் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே வேலை நாட்களில் கிடைக்கிறது. பத்துப் பைசா, ஐம்பது பைசா வித்தியாசம் இயல்பு. மூன்று ரூபாய் வித்தியாசம் என்றால் அது கூலியிலிருந்து எடுத்த பணம்.

"கட்டணம் வாலட்டுடையது, நாங்கள் என்ன செய்வது" என்பது ஏஜென்சியின் பதில். வாலட்டைத் தேர்ந்தெடுத்தது யார்? வேலை செய்தவரா? வங்கி வழியாக டாலராகவே அனுப்பலாமே. SHA என்று அனுப்பி, இடையிலுள்ள வங்கி 20 டாலர் பிடித்தாலும் 980 டாலர் வருகிறது. நம் வங்கி சந்தையைவிட 60 பைசா குறைத்து 84.40 கொடுத்தாலும், செலாவணி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. சுமார் 149 ரூபாயும் வங்கிக் கட்டணம் இருநூறும் போக, 82,300 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். வாலட் கொடுப்பதைவிட நான்காயிரம் ரூபாய் அதிகம். OUR என்று குறித்து அனுப்பினால் அந்த 20 டாலரையும் அனுப்புபவரே ஏற்பார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 150 டாலர் பில்லுக்கு இந்த வழி சரிப்படாது, 20 டாலர் போனால் நூற்றுக்குப் பதிமூன்று போய்விடும். சின்ன வேலைகளைச் சேர்த்து மாதம் ஒரே பில்லாகக் கொடுத்தால் அந்தச் சிக்கலும் தீரும். அதைக்கூட இந்த ஏஜென்சி ஒப்புக்கொள்வதில்லை. வேலைக்கு ஒரு பில் என்பது அவர்கள் விதி.

ரூபாயாக வருவதில் இன்னொரு வினையும் உண்டு. இந்தியாவில் உள்ள ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து உள்ளூர் என்.இ.எஃப்.டி.யாகப் பணம் வந்து விழுந்தால், அது அந்நியச் செலாவணி வரவு என்பதற்குப் பாஸ்புக்கில் அடையாளமே இருக்காது. ஜி.எஸ்.டி. பதிவு செய்தவருக்கு ஏற்றுமதி என்று காட்ட வரவுச் சான்று வேண்டும். அதில் பர்ப்பஸ் கோடு இருக்க வேண்டும், மென்பொருள் ஆலோசனை என்றால் P0802 என்பது போல. சான்று இல்லையென்றால் வரியில்லாத ஏற்றுமதி, 18 சதவீத வரிக்குரிய உள்ளூர் வியாபாரமாகப் பார்க்கப்படும் ஆபத்து இருக்கிறது. செலாவணி கையாளாத கிளையில் கணக்கு வைத்திருப்பவர் இந்த விவரத்தைக் கேட்டால், மேலே எழுதிக் கேட்கிறோம் என்பதுதான் பதில்.

செலவையும் சிக்கலையும் வேலை செய்தவர் தலையில் கட்டுவது வெளிநாட்டு ஏஜென்சிகளுக்குப் புதிதல்ல. 2010 பிப்ரவரியில் பேபால் இந்தியாவுக்கான தனிநபர் பணப்பரிமாற்றத்தையும், இங்குள்ள வங்கிக்குப் பணம் எடுப்பதையும் நிறுத்தியபோது, முடித்த வேலைக்கான பணம் நடுவழியில் நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி விதித்த வரம்பால் ஒரு பரிமாற்றத்துக்கு 500 டாலருக்கு மேல் வர வழியில்லாமல் போனது. 2011-ல் அந்த வரம்பு 3,000 ஆகும்வரை, 2,000 டாலர் பில்லை நான்காக உடைத்து அனுப்பிய காலம் அது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். அப்போதும் அது வேலை செய்தவர் தலையில்தான் ஏற்றப்பட்டது. வேறு வழியில் அனுப்புகிறோம் என்று ஒருவரும் முன்வரவில்லை. பிறகு பர்சேஸ் ஆர்டர் எண் இல்லை என்று பில் திரும்பி வந்தது. எண்ணைப் போட்டு மறுபடி அனுப்பினால் அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினார்கள். 30 நாள் 45 ஆனது, இப்போது 60 ஆகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய காரணம். ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்தது நம் பிள்ளைகள். தங்கள் ஊரில் இதைச் செய்ய இவர்களுக்குத் தைரியம் வருமா? நியூயார்க் நகரத்தில் 2017 முதல் உள்ள சட்டப்படி, ஒப்பந்தத்தில் தேதி குறிக்கவில்லையென்றால் வேலை முடித்த 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். சிதம்பரத்திலிருந்து வேலை செய்பவரின் உழைப்புக்கு மட்டும் காலம் ஏன் இரட்டிப்பாகிறது?

எனவே ஒவ்வொருவரும் அந்த ஏஜென்சிக்குக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. குழைவு வேண்டாம், கோபமும் வேண்டாம். பில் டாலரில், பணமும் டாலரிலேயே வர வேண்டும். ரூபாயாக மாற்றுவது என் வங்கியின் வேலை. அனுப்பும் கட்டணமும் இடைவங்கிக் கட்டணமும் அனுப்புபவருடையவை; குறைவாக வந்தால் அந்த வித்தியாசம் அடுத்த பில்லில் தனி வரியாகச் சேரும். பில் தேதியிலிருந்து 30 நாள். பில்லில் பிழை இருந்தால் ஐந்து நாளுக்குள் சொல்ல வேண்டும், திருத்தினாலும் பழைய தேதியே கணக்கு. இவ்வளவும் வேலையை ஏற்கும் முன்பே எழுத்தில் போக வேண்டும். முடித்துக் கொடுத்த பிறகு போகும் குறிப்புக்கு அங்கே மதிப்பில்லை.

தனியாளாக இதை எழுதுபவருக்கு அடுத்த வேலை வராமல் போகலாம் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் மாவட்டத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒன்றாகப் பேச வேண்டும். முன்னோடி வங்கியும் மாவட்ட நிர்வாகமும் இதில் ஏதாவது செய்ய முன்வர வேண்டும். ஏஜென்சி தன் முடிவைத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை அந்த வாலட்டில் கணக்குத் தொடங்கச் சொல்லி வந்திருக்கும் இணைப்பை யாரும் சொடுக்க வேண்டியதில்லை.