ஒரே இரவில் 12 ஆர்டர்கள்... சிறு வியாபாரிகளின் காசைக் கரைக்கும் போலி ‘கேஷ் ஆன் டெலிவரி’!

கொல்கத்தாவின் லேக் டவுன் பகுதியில் வேலை பார்க்கும் வங்கி ஊழியர் ஒருவருக்கு, 2024 கடைசியில் தொடங்கி சில மாதங்களுக்கு கேஷ் ஆன் டெலிவரி பார்சல்களாக வந்துகொண்டே இருந்தன. ஒன்றைக்கூட அவர் ஆர்டர் செய்யவில்லை. ஏறக்குறைய 300 பார்சல்கள். போலீஸில் புகார் கொடுத்த பிறகு, 2025 ஏப்ரலில் அவருடைய முன்னாள் காதலர் கைதானார். செய்தியைப் படித்த எல்லோரும் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அது நியாயம்தான். ஆனால், திரும்பிப்போன அந்த 300 பார்சல்களுக்கும் போக, வர கூரியர் காசு கொடுத்தது யார் என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

போலி ஆர்டர் போடுகிறவருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பெரிய நிறுவனம் என்றால் அந்த நஷ்டத்தைக் கணக்கில் எங்கோ தள்ளிவிடும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பம்மல் பக்கம் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமிலும் சொந்த வெப்சைட்டிலும் விற்கிறவர்களால் அப்படித் தள்ள முடியாது. பிடிக்காதவர் யாராவது உட்கார்ந்து ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு ஆர்டர் போட்டாலே, அந்த மாதம் ஆட்டம் கண்டுவிடும்.

எவ்வளவு போகும் என்று ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம். சேலையூரில் ஒருவர் நைட்டி விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 650 ரூபாய், டெலிவரி இலவசம். அவர் வாங்கிய விலை 420. கவர், லேபிள் 10. கூரியர் 75. பணத்தை வசூலித்துத் தருவதற்கான சி.ஓ.டி. கட்டணம் 35. எல்லாம் போக, ஒரு நைட்டிக்கு 110 ரூபாய் லாபம். எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப கூரியர் கட்டணம் மாறும். என்றாலும் கணக்கின் போக்கு இதுதான்.

இதே நைட்டி வாங்கப்படாமல் திரும்பி வந்தால், போன கூலி 75, திரும்பி வந்த கூலி ஒரு 65, பேக்கிங் 10. ஆக 150 ரூபாய் நஷ்டம். பன்னிரண்டு போலி ஆர்டர் என்றால் 1,800 ரூபாய். இதை ஈடுகட்ட 17 நைட்டிகளை ஒழுங்காக விற்றாக வேண்டும். அதுமட்டுமல்ல, பன்னிரண்டு நைட்டிகளில் போட்ட 5,040 ரூபாயும் பத்துப் பதினைந்து நாள் லாரியிலும் கோடவுனிலும் முடங்கிக்கிடக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இப்படி நடந்தால், திரும்பி வரும் சரக்கை யார் வாங்குவார்கள்?

ஆர்.டி.ஓ. என்றால் நமக்கெல்லாம் லைசென்ஸ் ஆபீஸ்தான் ஞாபகம் வரும். பார்சல் தொழிலில் அது ‘ரிட்டர்ன் டு ஒரிஜின்’, அதாவது அனுப்பியவருக்கே திரும்பி வருவது. இந்தத் தலைவலி புதிதும் இல்லை. 1877-லேயே தபால் துறை கொண்டுவந்த வி.பி.பி.-யும் சாமான் கைக்கு வரும்போது பணம் என்ற ஏற்பாடுதான். அன்று ஆர்டர் கொடுக்க கார்டு எழுதித் தபால் பெட்டி வரைக்கும் நடக்க வேண்டும். இன்று படுத்துக்கொண்டே கட்டைவிரலால் போட்டுவிடலாம்.

எது போலி, எது மனமாற்றம்?

திரும்பி வருவதெல்லாம் போலி ஆர்டர் இல்லை. சிலர் மனம் மாறியிருப்பார்கள். சிலர் வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள். டெலிவரி ஊழியர் போகாமலேயே ‘கஸ்டமர் வாங்க மறுத்தார்’ என்று போட்டுவிடுவதும் உண்டு. வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் இது தெரிந்துவிடும். இந்தச் சில்லறைத் திரும்பல்கள் மாதம் முழுக்கப் பரவலாக வரும்.

வேண்டுமென்றே போடுவது அப்படி வராது, கொத்தாக வரும். இரவு 11.10-க்கு ஆரம்பித்து 11.50-க்குள் பன்னிரண்டு ஆர்டர்கள். எல்லாமே விலை கூடின ரகம், அல்லது எல்லாமே ஒரே சைஸ். பெயர் வேறு வேறு, ஆனால் முகவரியை எழுதிய விதம் ஒன்று. பின்கோடு பொருந்தாது: சிட்லபாக்கம் என்று எழுதி 600064-க்குப் பதில் மேற்குத் தாம்பரத்தின் 600045-ஐப் போட்டிருப்பார்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. புதிதாகக் குடிவந்த நிஜ வாடிக்கையாளரும் பின்கோடைத் தப்பாகப் போடுவார். 2021-ல் பத்து நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்துத்தான் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஒரே பெயரில் நாலைந்து தெரு இருக்கும் ஊர்களில் குழப்பம் இயல்பு.

சொந்த வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தடயம் கிடைக்கும். வூகாமர்ஸில் ஆர்டரைத் திறந்தால் `Customer IP` என்று ஓர் எண் தெரியும். பன்னிரண்டு ஆர்டருக்கும் அது ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால், சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மொபைல் இணையத்தில் ஒரே ஐ.பி. எண்ணைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். பல்லாவரத்தில் ஒருவருக்கும் வண்டலூரில் ஒருவருக்கும் ஒரே எண் வரலாம்.

பேக் பண்ணும் முன் ஒரு போன்

பார்சல் கூரியர்காரர் கைக்குப் போகும்வரை ஆர்டரை ரத்து செய்தால் பெரும்பாலும் செலவில்லை. போன பிறகுதான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். எனவே, சல்லடை போட வேண்டிய இடம் அதற்கு முன்னால்.

பலரும் போன் போட்டு உறுதி செய்கிறார்கள். அதில் ஒரு சின்னத் தவறு நடக்கிறது. “நீங்க ராஜகீழ்ப்பாக்கம் இந்தத் தெருதானே?” என்று முகவரியை இவர்களே வாசித்துக் காட்டுகிறார்கள். எதிரில் இருப்பவர் “ஆமா” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. போலி ஆர்டர் போட்டவரும் அதே “ஆமா”வைத்தான் சொல்வார். முகவரியை அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அதையும் விசாரணை மாதிரி இல்லாமல் கேட்கலாம்.

“வணக்கம்ங்க, நைட்டி ஆர்டர் போட்டிருந்தீங்க. டெலிவரி தம்பிக்கு வழி சொல்லணும், எந்த பஸ் ஸ்டாப்ல இறங்கி வரணும்?”

“கேம்ப் ரோடு ஜங்ஷன்ல இறங்கி உள்ள வரணும்க்கா. மெடிக்கல் ஷாப்புக்கு எதிர்ச் சந்து.”

“சரிம்மா. எந்தக் கலர், எந்த சைஸ்னு ஒருமுறை சொல்லிடுங்க, மாத்தி வெச்சுடக் கூடாது.”

அங்கே குடியிருக்கிறவர் யோசிக்காமல் சொல்வார். இல்லாதவர் தடுமாறுவார், அல்லது போனை வைத்துவிடுவார். சில நேரம் வேறொருவர் எடுத்து, “நான் எதுவுமே ஆர்டர் போடலையே” என்பார். அவருடைய எண்ணை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆர்டர் போடும்போதே ஓ.டி.பி. கேட்டால் இந்த வகை அங்கேயே நின்றுவிடும். ஆனால் சொந்த சிம்மை வைத்துக்கொண்டு, வாங்காமல் விடுவதற்கென்றே ஆர்டர் போடுபவரை ஓ.டி.பி. தடுக்காது.

தெரியாத நம்பர் என்றால் போனை எடுக்காதவர்கள் இன்று ஏராளம். அதனால் முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ், பிறகு போன், 24 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த விதியை ஆர்டர் பக்கத்திலேயே எழுதிவிட்டால், நிஜமாக வாங்க வந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நூறு ரூபாய் முன்பணம்

இருப்பதிலேயே வலுவான சல்லடை இதுதான். மொத்தப் பணத்தையும் கேட்க வேண்டாம். கூரியர் போய்வரும் செலவு அளவுக்கு, நம் உதாரணத்தில் 100 முதல் 150 ரூபாயை யு.பி.ஐ.-யில் வாங்கிக்கொண்டு, மீதியை டெலிவரியில் வாங்கலாம். போலி ஆர்டருக்கு இப்போது விலை வந்துவிடுகிறது. கூடவே, பணம் அனுப்பியவரின் வங்கிக் கணக்கு ஒரு தடயமாகவும் பதிவாகிறது. ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம், அதைப் போலியாகச் செய்துவிடுவார்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேக் செய்யுங்கள்.

இதிலும் இழப்பு உண்டு. முன்பணம் கேட்டதும் ஆர்டர் எண்ணிக்கை குறையும். முன்பின் தெரியாத இன்ஸ்டாகிராம் கடைக்கு முதலில் காசு அனுப்பி ஏமாந்தவர்கள் தயங்குவார்கள். யு.பி.ஐ. இல்லாத பெருங்களத்தூர் பாட்டிக்கு சி.ஓ.டி. ஒன்றுதான் வழி. அதனால் எல்லோருக்கும் ஒரே விதி தேவையில்லை. ஏற்கெனவே ஒருமுறை பார்சலை வாங்கிப் பணம் கொடுத்தவருக்கு முன்பணம் வேண்டாம். புதியவர், ஒன்றுக்கு மேல் பொருள், அல்லது வெளியூர் என்றால் கேட்கலாம். வீட்டில் கேக் செய்து விற்பவர்களுக்கு இந்தச் சலுகையே கூடாது. பெயர் எழுதிய பிறந்தநாள் கேக் திரும்பி வந்தால் வேறு யாருக்கு விற்பது? பாதிப் பணம் வராமல் அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பதே சரி.

பார்சல் போன பிறகுதான் சந்தேகம் வந்தது என்றால், கூரியர் ஆப்பில் டெலிவரி ஆகாத பார்சல் என்ற பகுதியில் மறுமுயற்சிக்குப் பதில் திருப்பி அனுப்பச் சொல்லிவிடலாம். திரும்பும் கூலி போனாலும் சரக்கு சீக்கிரம் கைக்கு வரும். வந்த பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். உள்ளே பொருள் மாறியிருந்தால் கூரியர் நிறுவனத்திடம் காட்ட அது ஒன்றுதான் ஆதாரம்.

புகார் கொடுக்கலாமா?

ஓர் ஆர்டரை வாங்காமல் விட்டவர் மீது புகார் கொடுத்துப் பயனில்லை. அது குற்றமும் இல்லை. ஆனால் பொய்ப் பெயர்களில் கொத்துக் கொத்தாக ஆர்டர் போட்டு நஷ்டப்படுத்துவது வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு, ஏமாற்றியவருக்கு லாபம் கிடைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஒருவரை வேண்டுமென்றே ஏமாற்றி, அவர் செய்திருக்க மாட்டாத ஒன்றைச் செய்யவைத்து, அதனால் அவருக்குச் சேதம் வந்தாலும் அது மோசடிக்குள் வரும். வேறொருவராக நடித்து ஏமாற்றுவதற்கு 319-வது பிரிவும், அதைக் கணினி, மொபைல் வழியாகச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் இருக்கின்றன.

புகாரை cybercrime.gov.in தளத்தில் பதியலாம். இந்தப் பகுதிகள் பலவும் 2022 ஜனவரியில் தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரகத்துக்குள் வருவதால், உள்ளூர் ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். ஆர்டர் மெயில்கள், கூரியர் டிராக்கிங் பக்கம், கூரியர் பில், போன் அழைப்புப் பட்டியல், ஐ.பி. எண் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். ஆர்டர் வந்த நேரம் மணி, நிமிடம், நொடி வரை வேண்டும். ஐ.பி. எண்ணைப் பலர் பகிர்வதால், நொடிவரை நேரம் இருந்தால்தான் அந்த எண்ணை அப்போது வைத்திருந்தவரைத் தேட முடியும்.

கோபத்தில் அந்த போன் எண்ணையும் முகவரியையும் ஸ்டோரியில் போட்டுவிடாதீர்கள். கொல்கத்தாவில் எல்லா பார்சலிலும் இருந்தது, பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர்தான்.