காரணம்: நாடகம்

வல்லம் ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி, விடுப்புக் கடிதத்தில் 'நாடகம் நடிக்க' என்று எழுதினாள். தலைமையாசிரியை கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "சொந்த வேலைன்னு மாத்தி எழுதும்மா, வீட்ல தெரியுமா?" என்று கேட்டாராம். முதல் பாதியை நான் மன்னிப்பேன். இரண்டாம் பாதியை மாட்டேன்.

அவள் கேட்டது எவ்வளவு? கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு மாலைகள், ஏழு மணிக்கு ஆட்டம். பள்ளி விட்டுச் செஞ்சிக்கு வந்து பேருந்து மாறிப் போனால் ஒப்பனை போடவே நேரம் இருக்காது. அதனால் வியாழன் பிற்பகல் அரைநாள். வெள்ளி முழுநாள். சனி, ஞாயிறு விடுமுறை. ஞாயிறு இரவு ஆட்டம் முடிந்தபின் ஊர் திரும்பப் பேருந்து கிடையாது, ஆகவே திங்கள் முற்பகல் அரைநாள். மொத்தம் இரண்டு நாள். ஆண்டுக்குத் தரப்படும் 12 நாள் தற்செயல் விடுப்பில் ஆறில் ஒரு பங்கு. இடையில் வரும் விடுமுறைகளைச் சேர்த்தாலும் பத்து நாள் வரம்பை நெருங்கவில்லை. விதியில் சிக்கலே இல்லை.

சிக்கல் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதே குழுவில் பறை அடிக்கும் வங்கி எழுத்தர் 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டார். அவர் வீட்டில் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. மாமியாருக்குத் திவசம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இவளிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறருக்காக எடுக்கும் விடுப்புக்குத்தான் பெண்ணிடம் கேள்வி கிடையாது.

'அமெச்சூர்' நாடகத்தின் வரலாறே இந்தக் கணக்கில்தான் நடந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். வெளியூர்களுக்கும், இலங்கைக்கும்கூடப் போய் ஆடினார்கள். கதாநாயகி வேடம் ரங்கவடிவேலுவுக்கு. ஆணின் ஓய்வு நேரம் கலையானது. அந்த மாலைகளில் வீட்டில் அடுப்பைப் பார்த்தது யார் என்று நாடக வரலாறுகள் எழுதுவதில்லை. எங்கள் செஞ்சி வட்டாரக் கூத்திலும் திரௌபதி ஆண்தான். விடியும்வரை ஆடிவிட்டு அவர் பகலில் உறங்கலாம், சோறு தயாராக இருக்கும்.

1990களில் அ. மங்கை ஆங்கில விரிவுரையாளராக இருந்துகொண்டே பெண்சிசுக்கொலை பற்றிய 'பச்ச மண்ணு' நாடகத்தை மேடையேற்றினார். வேலையும் நாடகமும் ஒரே பெண்ணுக்கு ஆகாது என்பவர்கள் இதையாவது படிக்கட்டும்.

கடிதத்தை மாற்றி எழுதாதே என்று அவளிடம் சொன்னேன். 'சொந்த வேலை' என்று எழுதினால் விடுப்பு கிடைக்கும், ஆனால் பள்ளிக் கோப்பில் நாடகம் இருக்காது. அடுத்த ஆண்டு கேட்பவளுக்கு முன்மாதிரியும் இருக்காது. அதே வரியோடு மறுபடி கொடுத்திருக்கிறாள். வீட்டில் தெரியுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.