கைக்கடிகாரம் சாட்சி சொல்லாது



குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் தைப்பூசத்துக்குப் பழனி நடந்தவர்கள் வீட்டுக் குழுவில் ஒரு சண்டை. தம்பி மகன் கடிகாரத்தில் ஒருநாள் நடை 31 கி.மீ. கூடவே காவடி எடுத்து நடந்த மாப்பிள்ளை கடிகாரத்தில் 28. "மூணு கிலோமீட்டர் வண்டியில ஏறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். விரதமிருந்து நடந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது?

இருவர் கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்தேன். விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கி, இடையில் தங்கியதையும் சேர்த்து, பதினான்கு மணி நேரம் ஓடியிருக்கிறது. மாப்பிள்ளை பேட்டரி தாங்கட்டும் என்று UltraTrac வைத்திருந்தார். அதில் ஜி.பி.எஸ். அவ்வப்போதுதான் விழிக்கும். இடைப்பட்ட புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் வளைவெல்லாம் அறுந்துவிடும்.

கணக்குப் போடுவோம். மணிக்கு 5 கி.மீ. நடந்தால் நிமிடத்துக்கு 83 மீட்டர். 400 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால், 83 மீட்டர் வில்லுக்கு நாண் ஏறக்குறைய 77½ மீட்டர்தான். சுற்றுக்கு 372, நூற்றுக்கு ஏழு போச்சு. அதே வட்டத்தில் மணிக்கு 10 கி.மீ. ஓடினால் சுற்றுக்கு 295தான் வரும். நூற்றுக்கு இருபத்தாறு போச்சு! நேர்ச்சாலையில் இழப்பு மிகக் குறைவு. ஊர்த்தெருக்களிலும் வளைவுகளிலும்தான் அடி.

விழிக்காத நேரத்தைக் கை வீச்சை வைத்து ஊகிக்கும் கடிகாரங்களும் உண்டு. காவடியைப் பிடித்த கை வீசுமா? அந்த ஊகமும் தவறும்.

தம்பி மகன் கடிகாரம் மட்டும் உத்தமமா? அவன் மரத்தடியில் படுத்திருந்தபோதும் அது நொடிக்கு நொடி இடம் பார்த்தது. இலை, சுவர் மறைப்பில் புள்ளி அங்குமிங்கும் தாவும். ஒவ்வொரு தாவலும் தூரமாகக் கூடும். வரைபடத்தில் தங்கிய இடத்தில் நூல்கண்டு போலச் சிக்கல் தெரிந்தது. ஒன்று குறைத்தது, மற்றது கூட்டியது. இரண்டுக்கும் நடுவேதான் உண்மை.

"பதிவு இடைவெளியைக் கூட்டினால் பேட்டரி மிச்சம்" என்கிறவர்களும் குழப்புகிறார்கள். Smart பதிவு, திசையோ வேகமோ மாறும்போது மட்டும் புள்ளியைக் கோப்பில் எழுதும். அதனால் மிச்சமாவது பெரும்பாலும் இடம்தான், ஜி.பி.எஸ். அப்போதும் விழித்தே இருக்கிறது. பேட்டரி மிச்சமாவது ஜி.பி.எஸ். உறங்கினால்தான், அதற்குத்தான் துல்லியத்தை விலையாகக் கொடுக்கிறோம்.

அடுத்த ஆண்டு நடப்பவர்கள் முதலில் இதயத் துடிப்பையும், போன் இணைப்பையும், எப்போதும் எரியும் திரையையும் அணையுங்கள். ஜி.பி.எஸ். மட்டும், நொடிக்கு ஒருமுறை இருக்கட்டும். படுக்கும்போது பதிவை நிறுத்தி வைத்து, பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றுங்கள். அதற்கும் போதாவிட்டால் மட்டும், நேர்ச்சாலைப் பகுதியில் சிக்கன முறைக்குப் போங்கள்.

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இன்றே கேட்டுவிடுங்கள். நான் குழுவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.