மூன்றாவது முறை கேட்ட ஆர்டர் நம்பர்

குன்னூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளைவு கீழே ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். போன நவம்பரில் ஒரு மாலை, போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். "தம்பி, ஒரு கம்ப்ளெய்ன்ட் மெயில் எழுதியிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக் குடு" என்றார்.

மெயில் இப்படித் தொடங்கியது: "ஐயா, வணக்கம். நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவள். பதில் சொன்ன பிறகும் அதே கேள்வியை மறுபடி கேட்டால் கேட்டவர் கவனிக்கவில்லை என்று பொருள். உங்கள் சாட்பாட் என்னிடம் ஆர்டர் எண், கைபேசி எண், பொருள் வந்த தேதி மூன்றையும் மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் அது நின்றுவிட்டது. காரணம், நான் பிழைப்புக்குச் செய்வது இந்த வேலைதான். கடைகளுக்குச் சாட்பாட் கட்டித் தரும் குழு ஒன்றில் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். டீச்சரின் பாட்டை நான் எழுதவில்லை. ஆனால் அவர் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுந்தார் என்று பார்த்ததும், அந்தக் குழிகளைத் தோண்டுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆன்லைன் கடை ஒன்றில் வாங்கிய ரூம் ஹீட்டர். ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. புதன்கிழமை பிரித்துப் பார்த்தால் இரண்டு குவார்ட்ஸ் குழாய்களில் ஒன்று உடைந்திருக்கிறது. திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம். வியாழன் காலை டீச்சர் அந்தக் கடையின் ஆப்பைத் திறந்து சாட்பாட்டிடம் பேசினார். அது மூன்று விவரங்களைக் கேட்டது, சொன்னார். உடைந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது. அவர் வீட்டுக்குள் சிக்னல் ஒற்றைக் கோடு. படம் போகவில்லை. பஸ் திரும்புகிற வளைவு வரை ஏறிப் போனால் நன்றாகக் கிடைக்கும். மழை விடுகிற வரை காத்திருந்து அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது பாட் புதிதாக வணக்கம் சொல்லி, "நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றது.

சனிக்கிழமை மாலை மறுபடி முயன்றார். இந்த முறை வளைவிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். படமும் போனது. பாட் யோசித்துவிட்டு, இது ரிட்டர்ன் இல்லை, வாரண்டி என்று முடிவு செய்து வேறொரு பகுதிக்கு அனுப்பியது. அங்கே ஆர்டர் நம்பர் தெரிந்தால்தான் மேலே போகமுடியும் என்று இன்னொரு கட்டம் வந்தது. அதையும் நிரப்பினார். எங்கள் பிரதிநிதி உங்களைத் தொடர்புகொள்வார் என்று பதில் வந்தது. பிரதிநிதி வந்தது செவ்வாய்க்கிழமை. வந்தவுடன் கேட்டார்: "மேடம், உங்க ஆர்டர் நம்பர் சொல்லுங்க." சொன்னார். "சாரி மேடம், உங்க ரிட்டர்ன் பீரியட் நேத்தோட முடிஞ்சிருச்சு."

மூன்று முறை கேட்பது எரிச்சல் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கவேண்டும். டீச்சர் இழந்தது பொறுமையை அல்ல. வியாழன் முதல் செவ்வாய் வரையான நாட்களை இழந்தார்.

இனி என் தொழிலின் பக்கம் வருகிறேன். இந்த மூன்று மறதிகளும் ஒன்றல்ல.

முதல் மறதி நேரத்தால் வருவது. ஒரு உரையாடல் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கலாம் என்று பாட்டை அமைப்பவர் ஒரு எண் கொடுப்பார். அந்த நேரம் கடந்தால் அடுத்த செய்தி புது உரையாடலாகத் தொடங்கும். ஆனால் உரையாடல் புதிதாகத் தொடங்குவது வேறு, சொன்னது அழிவது வேறு. நான் வேலை செய்த ராசா என்ற திறமூலக் கருவியில் இரண்டுக்கும் தனித்தனி வரி உண்டு:

```yaml
session_config:
  session_expiration_time: 60
  carry_over_slots_to_new_session: true
```

முதல் வரி நிமிடக் கணக்கு. இரண்டாவது, ஏற்கெனவே வாங்கிய விவரங்களைப் புதிய உரையாடலுக்கு எடுத்துச்செல்லவா என்ற கேள்வி. புதுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினால் கருவி தானாகவே அங்கே `true` என்று எழுதித் தருகிறது. மறக்கவேண்டும் என்றால் ஒரு மனிதர் உட்கார்ந்து அதை `false` ஆக்கவேண்டும். டீச்சரின் கடை எந்தக் கருவியை வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எந்தக் கருவியானாலும் அங்கே இதுபோல ஒரு முடிவை யாரோ எடுத்திருப்பார்கள், அல்லது எடுக்காமல் விட்டிருப்பார்கள். நல்ல சிக்னல் உள்ள அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தால் இந்தக் குழி கண்ணில் படாது. மழைக்கு ஒதுங்கி நின்று வளைவு வரை ஏறிப் போகிறவருக்குத்தான் படும்.

இரண்டாவது மறதி சுவரால் வருவது. ரிட்டர்ன் பகுதியை ஒரு குழு எழுதியிருக்கும், வாரண்டியை இன்னொன்று. ஒன்றில் அந்த விவரத்தின் பெயர் `order_id`, மற்றதில் `orderNo`. இரண்டும் ஒன்றுதான் என்று இயந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சாட் ஜன்னல். உள்ளே இரண்டு துறைகள், நடுவே கதவில்லாத சுவர். அந்தச் சுவரைத் தாண்டிக் காகிதத்தைத் தூக்கிப்போகிற பியூன் வேலை வாடிக்கையாளருக்கு வந்து சேர்கிறது.

மூன்றாவது கைமாற்றத்தில் வருவது. பாட்டிடமிருந்து மனிதருக்குப் போகும்போது அதுவரை பேசியது முழுவதும் அவர் திரையில் இருக்கவேண்டும். பெரும்பாலும் வாடிக்கையாளரின் பெயரும் "வாரண்டி" என்ற ஒற்றைச் சொல்லும்தான் வருகிறது. அந்தப் பிரதிநிதிமேல் எனக்குக் கோபமில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து ஜன்னல்களில் பதில் சொல்கிறவர் அவர். கண்ணைக் கட்டி உட்காரவைத்தவர்கள் வேறு.

இதற்கெல்லாம் புதிய அறிவு எதுவும் தேவையில்லை. 1977இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் டேனியல் போப்ரோவும் நண்பர்களும் ஜி.யூ.எஸ். என்ற உரையாடல் நிரலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விமான டிக்கெட் ஏற்பாடு செய்யும் முகவரைப்போல அது பேசும். எங்கிருந்து, எங்கே, எந்த நாள் என்று காலியான கட்டங்கள் கொண்ட சட்டகம் ஒன்றை வைத்துக்கொண்டு, நிரம்பாத கட்டத்தைப் பற்றி மட்டும் கேள்வி கேட்பது அதன் அடிப்படை. இன்றைய கடைப் பாட்டுகள் பலவும் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான். நிரம்பிய கட்டத்தைக் கேட்கக்கூடாது என்பது என் வயதைவிட மூத்த பாடம்.

பிறகு ஏன் இது சரியாவதில்லை? என் குழுவிலேயே நான் கேட்ட பதில் ஒன்று உண்டு: "பாதுகாப்புக்காகத்தான். ஒரே போனைக் குடும்பமே பயன்படுத்துது." அரை உண்மை. ஆர்டர் நம்பர் ரகசியம் அல்ல, பார்சலின்மேல் அச்சடித்து ஒட்டிய எண். ஆளைச் சரிபார்க்க ஓ.டி.பி. இருக்கிறது. அதுவும் டீச்சர் ஆப்பில் லாகின் செய்துதான் பேசினார். அந்த மாதம் அவர் வாங்கியது ஒரே ஒரு பொருள். "வியாழக்கிழமை சொன்ன ஹீட்டர் விஷயமா?" என்று கேட்டிருந்தால் "ஆமாம்" என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும்.

உண்மையான காரணம் வேறு. சாட்பாட் உலகத்தில் ஒரு அளவுகோல் உண்டு, கன்டெயின்மென்ட் ரேட் என்பார்கள். நூறு உரையாடல்களில் எத்தனை மனிதரிடம் போகாமல் பாட்டோடு முடிந்தன என்ற கணக்கு. அதிகமானால் வெற்றி. பிரச்சினை தீர்ந்து போனவரா, அலுத்துப் போனவரா என்று அந்தக் கணக்கு தானாகப் பிரித்துப் பார்க்காது. இப்படி எண்ணும் இடத்தில், டீச்சரின் வியாழக்கிழமை உரையாடல் சிக்னல் போய் அறுந்த அந்த நொடியில் ஒரு வெற்றியாகப் பதிவாகும். நானும் அப்படிப்பட்ட படங்களை மீட்டிங்கில் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பச்சைக் கோட்டுக்குள் எத்தனை டீச்சர்கள் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுபடி கேட்பதால் கடைக்குச் செலவில்லை. மறுபடி சொல்வதன் செலவு முழுக்க எதிர்ப்பக்கம். அந்தச் செலவு யாருடைய திரையிலும் தெரியாதவரை அதைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

இதில் சட்டத்தின் கடிகாரமும் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடைக்கும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்கவேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நல்ல விதி. ஆனால் பாட்டின் கணக்கில் புகார் எப்போது பிறக்கிறது? எல்லாக் கேள்விகளும் முடிந்து, டிக்கெட் எண் உருவாகும்போது. டீச்சருக்கு அந்த எண் வரவே இல்லை. கடையின் ஏழு நாள் கடிகாரம் திங்கட்கிழமையே ஓடத் தொடங்கிவிட்டது. 48 மணி நேரக் கடிகாரமோ சாவி கொடுக்கப்படாமலே கிடந்தது.

பாட்டிடம் சொன்னது புகார் ஆகாது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஏர் கனடா வழக்கை நினைவூட்டவேண்டும். பாட்டி இறந்த துக்கத்தில் பயணம் செய்த ஜேக் மோஃபாட் என்பவருக்கு, கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம் என்று அந்த நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொன்னது. பாட் தனி ஆள், அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு தரச் சொன்னது. அது நம் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் நம் ஊருக்கும் அதேதான். பாட்டின் வாய் கடையின் வாய் என்றால் பாட்டின் காதும் கடையின் காதுதான். வியாழக்கிழமை பாட்டிடம் சொன்னது வியாழக்கிழமை கடையிடம் சொன்னது.

அன்று மாலை டீச்சரின் மெயிலில் நான் இரண்டே மாற்றங்கள் செய்தேன். "முதல் புகார்: வியாழன் காலை, பொருள் வந்த நான்காம் நாள்" என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். நல்லவேளையாக அந்த உரையாடல் ஆப்பில் அழியாமல் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்தோம். வாடிக்கையாளர் சேவை முகவரியை எடுத்துவிட்டு, ஆப்பின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த குறைதீர் அலுவலரின் முகவரியைப் போட்டேன். அவருடைய வாக்கியங்கள் எதையும் தொடவில்லை. என்னைவிட நன்றாக எழுதுகிறார்.

மெயிலை நாம் பழைய பஞ்சாங்கம் என்று நினைக்கிறோம். அதற்குத் தேதி உண்டு. பதில் எழுதினால் முன்னால் பேசியது முழுவதும் கீழேயே தொங்கும். அனுப்பியவர் கையிலும் ஒரு பிரதி இருக்கும். பாட்டில் பிடுங்கிக்கொள்ளப்பட்டவை இவைதான்.

அரை மணி நேரத்தில் தானியங்கிப் பதில் வந்தது. டீச்சர் உரக்கப் படித்தார்: "உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம். விரைந்து உதவ, தயவுசெய்து உங்கள் ஆர்டர் எண்ணைத் தெரிவிக்கவும்." மெயிலின் தலைப்பிலேயே அந்த எண் இருந்தது.

"இன்னொரு தடவை எழுதணுமா தம்பி?" என்றார்.

"வேண்டாம் டீச்சர். அடியில பாருங்க, டிக்கெட் நம்பர் குடுத்துட்டாங்க. இனிமே நாம கேக்கலாம்" என்றேன்.

மூன்றாவது வாரம் ஹீட்டரை வந்து எடுத்துப் போனார்கள், பணமும் வந்தது. அதற்குள் அவர் கடைவீதியில் வேறொன்று வாங்கிவிட்டார். நான் அடுத்த திங்கட்கிழமை எங்கள் பாட்டின் கணக்கை எடுத்து, அதே விவரத்தை இரண்டாம் முறை கேட்ட உரையாடல்களை மட்டும் தனியே பிரித்து, பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பில் வரைந்து மீட்டிங்கில் காட்டினேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.